பெரியப்பாவும் நான்கு சைக்கிள்களும்

ஓட்டுநர் உரிமத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த எங்கள் பெரியப்பா, சாலைக் குறியீடுகளில் உள்ள படங்களை எல்லாம் ஒரே வாரத்தில் மனப்பாடம் செய்துவிட்டார். சைக்கிள் படத்தைக் காட்டினால் "சைக்கிள்" என்பார். அதற்கு மேல் அதில் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோல் என்னைப் பார்ப்பார்.

நான் நான்கு அட்டைகளை எடுத்து வைத்தேன். நான்கிலும் அதே சைக்கிள்தான். சிவப்பு விளிம்பிட்ட வட்டத்துக்குள் இருந்தால் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. நீல வட்டத்துக்குள் வெள்ளையாக இருந்தால் அது சைக்கிளுக்கான தடம், சைக்கிளில் வருபவர் அதில்தான் செல்ல வேண்டும். இரண்டுமே கட்டளைகள்; மீறினால் அபராதம் உண்டு. சிவப்பு விளிம்பிட்ட முக்கோணத்துக்குள் இருந்தால் யாருக்கும் தடையில்லை, முன்னே சைக்கிள்கள் குறுக்கிடலாம், வேகத்தைக் குறைத்துக் கவனமாக வாருங்கள் என்ற எச்சரிக்கை. நீலச் சதுரத்தில், நிறுத்துமிடக் குறியோடு சேர்ந்திருந்தால் சைக்கிள் நிறுத்த இடமிருக்கிறது என்ற தகவல் மட்டுமே.

"அப்படியென்றால் படத்தைப் பார்க்கவே வேண்டாமா?" என்றார் பெரியப்பா, ஒரு வார உழைப்பு வீணாகிவிட்ட வருத்தத்துடன்.

"முதலில் வடிவம், பிறகு நிறம், கடைசியில்தான் படம், பெரியப்பா. எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பதைத்தான் படம் சொல்லும். அதட்டுகிறார்களா, எச்சரிக்கிறார்களா, வழிகாட்டுகிறார்களா என்பதை வடிவமும் நிறமும்தான் சொல்லும்."

அடுத்து 50 என்ற எண்ணைக் காட்டினேன். சிவப்பு வளையத்துக்குள் இருந்தால் 50-ஐத் தாண்டக் கூடாது. நீல வட்டத்துக்குள் இருந்தால் 50-க்குக் குறையக் கூடாது. எந்தச் சாலையிலும் முப்பதைத் தாண்டும் எண்ணமே இல்லாத பெரியப்பாவுக்கு இந்த நீல வட்டம் பெரிய அநியாயமாகப் பட்டது. "மெதுவாகப் போனதற்கு ஒரு மனிதனைக் குற்றவாளி ஆக்குவார்களா?" என்று அன்று மாலை முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தார்.

சாலைக் குறியீடுகள் குறித்த 1968ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையைப் பின்பற்றும் நாடுகளில் பெரும்பாலும் இந்த முறைதான் என்றாலும், எச்சரிக்கைக்கு முக்கோணத்துக்குப் பதிலாக மஞ்சள் நிறச் சாய்சதுரம் வைக்கும் நாடுகளும் உண்டு. வாகனம் நிறுத்தக் கூடாது என்ற பலகையோ, நீலப் பின்னணியில் சிவப்பு விளிம்பும் கோடுமாக இருந்து புதியவர்களைக் குழப்பும். அங்கே சிவப்பின் சொல்தான் செல்லும்.

'நில்' என்பதற்கு எண்கோணமும், 'வழிவிடு' என்பதற்குத் தலைகீழ் முக்கோணமும் ஏன் என்று அவரே கேட்டார். வேறெந்தக் குறியீட்டுக்கும் அந்த வடிவங்கள் இல்லாததால், சேறு படிந்து எழுத்து மறைந்தாலும், பலகையைப் பின்புறமிருந்து பார்த்தாலும் அவற்றை அடையாளம் கண்டுகொள்ளலாம் என்று விளக்கினேன்.

இந்தப் பின்புறச் செய்தியை நான் சொல்லியிருக்கத் தேவையில்லை. இப்போதெல்லாம் என் காரில் ஏறினால், நமக்கான பலகைகளை விட்டுவிட்டுக் குறுக்குச் சாலைக்காரர்களுக்கு வைத்திருக்கும் பலகைகளின் முதுகைத்தான் அவர் படிக்கிறார். "எண்கோணம்! அவன் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை பார்!" என்று கண்ணாடியை இறக்கி, போகிற வருகிற எல்லோருக்கும் பாடம் நடத்திக்கொண்டே வருகிறார்.