நிபோங் திபால் குறிப்புகள்: உதவிநிதிக் குழு

மார்ச் 2, திங்கள்
சனிக்கிழமை பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொதுக்கூட்டம். எந்தக் குடும்பத்துக்கு உதவி என்று தேர்ந்தெடுக்கும் உதவிநிதிக் குழுவில் என் பெயரைப் போட்டிருக்கிறார்களாம்.

மார்ச் 3
என்னிடம் சிகிச்சைக்கு வருபவர்களைச் சந்தை, கோயில், பள்ளி வாசல் என்று எங்காவது பார்த்தே தீரவேண்டிய ஊர் இது. வருபவரோடு சிகிச்சைக்கு வெளியே இன்னொரு உறவும் இருந்தால் அது இரட்டை உறவு. அமெரிக்க உளவியல் சங்கத்தின் நெறி 3.05 எல்லா இரட்டை உறவையும் தவறென்று சொல்வதில்லை. உளவியலாளரின் நடுநிலை கெடுமா, வருபவருக்குத் தீங்கோ சுரண்டலோ நேருமா என்றுதான் கேட்கிறது. விளையாட்டுப் போட்டியில் பக்கத்து நாற்காலியில் உட்காருவது அதில் சிக்காது. நிதிக் குழு சிக்கும்.

மார்ச் 4
தூக்கம் வரவில்லை. யாருடைய கதையுமில்லை, ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம்: சிகிச்சைக்கு வரும் ஒரு தாய், கணவர் சம்பளத்தை நாலு நம்பர் லாட்டரியில் விடுவதாக அறையில் சொல்லியிருக்கிறார். அதே கணவர் பள்ளியில் உதவி மனு போடுகிறார். மறுத்தால், அறையில் சொன்னது அவர் வீட்டுக்கே எதிராகப் போய்விட்டது. ஆதரித்தால், மனுவைப் பார்த்துக் கை தூக்கினேனா, அந்த அம்மாவுக்காகவா என்று எனக்கே தெரியாது. எப்படி முடிந்தாலும் அடுத்த முறை அவர் பணப் பேச்சை அளந்துதான் பேசுவார். சிகிச்சை அங்கேயே நொண்டிவிடும்.

அந்த மனு வரும்போது மட்டும் எழுந்து வெளியே போகலாமா? அது இன்னும் மோசம். அந்த வீட்டார் யாரோ என்னிடம் வருகிறார்கள் என்று மேசையைச் சுற்றி இருக்கும் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். ஆகவே மனுப்பட்டியல் கைக்கு வரும் முன்பே விலகவேண்டும், பொதுவான காரணத்தோடு: "குடும்பங்களைத் தேர்ந்தெடுக்கிற எந்தக் குழுவிலும் நான் இருக்கிறதில்லைங்க சார்."

மார்ச் 5
தலைமையாசிரியரிடம் சொல்லியாயிற்று. நூலகத்துக்குப் புத்தகம் அடுக்கும் வேலை கேட்டிருக்கிறேன்.

மார்ச் 6
முதல் அமர்விலேயே வருபவரிடம் பேசிவைக்கவேண்டியது: வெளியில் பார்த்தால் நானாகப் பேசமாட்டேன், அவர் பேசினால் பேசுவேன், சிகிச்சை பற்றி அங்கே ஒரு சொல்லும் வராது. என்னை யாரென்று வீட்டாரிடம் சொல்வது என்பதும் அவர் விருப்பம்.

ஆனால் மாமியார் வந்து, "மருமக உங்ககிட்ட வர்றாளாமே, எப்படிம்மா இருக்கா?" என்று கேட்டால்? "நல்லா இருக்காங்க" என்றால் வருவது உறுதியாகிவிடும். "வரலை" என்றால் பொய். "யார் வர்றாங்க, வரலைன்னு யாரைப் பத்தியும் சொல்றதில்லைங்கம்மா" என்பதே பதில். என்னிடம் வராதவர்களைப் பற்றிக் கேட்டாலும் இதே பதிலைத்தான் சொல்லவேண்டும். சிலருக்கு மட்டும் சொன்னால் அந்த வாக்கியமே காட்டிக்கொடுக்கும்.

மார்ச் 7, சனி
கூட்டம் முடிந்தது. யாரைச் சந்தித்தேன், என்ன பேசினோம் என்று அவரவர் கோப்பில் இரண்டு வரி. அடுத்த அமர்வின் தொடக்கத்திலேயே, "அன்றைக்குப் பார்த்தது எப்படி இருந்தது?" என்று கேட்கவேண்டும்.

வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் சேரச் சொல்கிறார்கள். கிளினிக் எண் கூடாது. வருபவர் அதை எந்தப் பெயரில் சேமித்திருக்கிறாரோ, அந்தப் பெயர்தான் கணவர் எட்டிப் பார்க்கும் திரையில் வரும். திங்களன்று வேறொரு சிம் வாங்கவேண்டும்.