பழைய சைக்கிளின் காட்டர் பின்னைக் கழற்றுவது: ஆக்ஸில் முனை விரியாமல்

பெடல் கிராங்கை ஆக்ஸிலோடு பிடித்து வைத்திருப்பது ஒரு சின்ன இரும்பு ஆப்பு. அதுதான் காட்டர் பின். அதன் ஒரு பக்கம் சரிவாகச் சீவப்பட்டிருக்கும். அந்தச் சீவிய முகம் ஆக்ஸிலில் வெட்டிய பள்ளத்தில் அழுந்தி உட்காரும். மெல்லிய நுனியில் மரை, அதில் வாஷரும் நட்டும். அடிக்க வேண்டியது மரை உள்ள பக்கத்தில்தான். மறுபக்கத்தில் அடித்தால் ஆப்பு இன்னும் இறுகும். முதல் தவறு பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது.

ஆக்ஸிலின் முனை விரிந்து தலை கட்டுவது பின்னை அடிக்கும்போது அல்ல, அதற்குப் பிறகு. பின் பாதியில் முறிந்துபோய், அல்லது பின் வந்தும் கிராங்க் அசையாமல், பொறுமை தீர்ந்து ஆக்ஸிலின் முனையிலேயே சுத்தியலை இறக்கும்போது அது நடக்கிறது. விளிம்பு கால் மில்லிமீட்டர் விரிந்தாலே போதும், கிராங்க் அந்த முனையைத் தாண்டி வராது. அதே அடி பேரிங்கின் பால்ஸ் வழியாகப் போய், அவை உருளும் கப்பிலும் பள்ளம் போடும். ஆகவே வேலை முழுவதிலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த அடி எங்கே போய்ச் சேர்கிறது?

எடுத்துக்கொண்ட வண்டி பல வருடம் வெளியே நின்ற பழையது. 16 மி.மீ. ஆக்ஸில், 9.5 மி.மீ. பின். பின்னின் அளவு எல்லா வண்டிக்கும் ஒன்றல்ல, 9 மி.மீ. பின்னும் உண்டு. எனவே புதுப் பின் வாங்குமுன் பழையதை வெர்னியரில் அளக்க வேண்டும். இரண்டு பக்கமும் துரு ஊடுருவும் எண்ணெய் விட்டு, இரண்டு இரவு அப்படியே விட்டது. பின்னின் இரு முனையிலும் மட்டுமல்ல, கிராங்கும் ஆக்ஸிலும் சேரும் வட்டத்திலும் எண்ணெய் விட வேண்டும். பலர் மறப்பது இந்த இரண்டாவது இடத்தை. கடைசியில் வம்பு செய்வதும் அதுதான்.

அடுத்தது முட்டு. இதைத் தவிர்த்தால் மீதி எதுவும் பலிக்காது. கிராங்கைத் தரைக்கு இணையாக நிறுத்தினால் பின் செங்குத்தாக நிற்கும். மரை முனை மேலே வரவேண்டும், கீழே இருந்தால் கிராங்கை அரைச் சுற்று திருப்பினால் மேலே வந்துவிடும். பின்னின் தடித்த தலை உள்ளே புகுந்து இறங்கும் அளவு, அதாவது 13 மி.மீ. உள் விட்டமுள்ள கனமான இரும்புக் குழாய் ஒன்றை, ஆக்ஸில் நுழையும் கிராங்க் கண்ணின் அடியில் நிறுத்த வேண்டும். நீளம் தரையிலிருந்து கண்ணின் அடி வரை அளந்ததைவிட 5 மி.மீ. கூடுதல். வண்டியின் பாரம் குழாய்மேல் வந்துவிட வேண்டும், சக்கரம் தரையைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். தரை சிமெண்ட் ஆக இருக்கட்டும், பலகையோ மண்ணோ வேண்டாம். முட்டு இல்லாமல் அடித்தால் கிராங்க் ஸ்பிரிங் போலத் துள்ளும், அடியின் பெரும்பங்கு பேரிங்கில் போகும், பின் அசையாது. சுத்தியல் எகிறித் திரும்பினால் முட்டு சரியில்லை என்று அர்த்தம்.

நட்டைக் கழற்றி, வாஷரை எடுத்துவிட்டு, நட்டை மறுபடி ஏற்றி, அதன் மேல் முகம் மரை நுனியோடு சமமாகும் இடத்தில் நிறுத்தவும். நட் மரையைச் சுற்றி நின்று அது வளையாமல் காக்கும். கிராங்குக்கும் நட்டுக்கும் நடுவே சுமார் 4 மி.மீ. இடைவெளி இருந்தது. பின் நகர்ந்ததா என்று சொல்வது அந்த இடைவெளிதான்.

சுத்தியல் 1 கிலோவுக்குக் குறைய வேண்டாம். சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டி அடிப்பதுதான் மரை முனையைத் தலை கட்ட வைக்கும். இலேசான அடியின் சக்தி நுனியை நசுக்குவதிலேயே தீர்ந்துவிடும், பின்னின் உடல்வரை இறங்காது. கனமான சுத்தியல், நேர்கோட்டில், தயக்கமில்லாத ஒரே அடி. வலப்பக்கம் இரண்டாவது அடியில் இடைவெளி 3 மி.மீ. ஆனது. பிடி விட்டுவிட்டது. அப்புறம் நட்டை எடுத்துவிட்டு 6 மி.மீ. பித்தளைக் கம்பியால் தட்டியதும் பின் குழாய்க்குள் விழுந்தது. நட் கிராங்கைத் தொடும்வரை அடிப்பதில் பயனில்லை, மரைதான் கிழியும்.

இடப்பக்கம் வேறு கதை. இரண்டாம் அடியில் மரைப்பகுதி நட்டோடு சாய்ந்தது. சாய்ந்ததை மேற்கொண்டு அடித்தால் முறியும், முறிந்த இடம் ஏறுமாறாக இருக்கும். அதனால் நிறுத்திவிட்டு, நுனியைக் கிராங்கின் முகத்தோடு சமமாக ஹேக்ஸா பிளேடால் அறுத்து, அரத்தால் தட்டையாக்கியது. இனி டிரில். பின் மென்மையான இரும்பு, ஆக்ஸில் கடினப்படுத்தியது, கிராங்க் இரண்டுக்கும் நடுத்தரம். பிட் சற்றே சாய்ந்து ஆக்ஸிலைத் தொட்டால் அங்கிருந்து வழுக்கிக் கிராங்கின் துளையைத் தின்னும்.

இன்னொன்று, பின்னின் நடு என்று வட்டத்தின் நடுவில் புள்ளி வைக்கக் கூடாது. சீவிய பக்கத்தில் இரும்பு குறைவு. 9.5 மி.மீ. பின்னில் மெல்லிய பக்கத்தில் மிஞ்சுவது 6 மி.மீ. அளவுதான். ஆகவே ஆக்ஸிலுக்கு எதிர்ப்பக்கமாக 1.75 மி.மீ. தள்ளிப் புள்ளி குத்தி, முதலில் 3 மி.மீ., பிறகு 5 மி.மீ. பிட்டால் 20 மி.மீ. ஆழம். அதற்குமேல் பெரிதாக்க ஆசைப்பட வேண்டாம். உள்ளே கூடாகிவிட்ட பின்னின் சுவர் இலேசாக உள்வாங்கும், பிடி தளரும். அடிக்கும் பஞ்ச் தட்டை முனையோடு 7 மி.மீ. இருக்க வேண்டும். கூர் பஞ்ச் அந்தத் துளைக்குள் இறங்கி ஆப்புப் போல விரித்து, பின்னை இன்னும் இறுக்கிவிடும். அதே குழாய் முட்டில், மூன்றாம் அடியில் பின் இறங்கியது.

பின் போனது, கிராங்க் அசையவில்லை. இங்கேதான் கை தன்னையறியாமல் ஆக்ஸில் முனைக்குப் போகும். அதற்குமுன் டார்ச் அடித்துத் துளையைப் பார்க்க வேண்டும். பின்னின் சீவல் ஏதாவது பள்ளத்தில் தங்கியிருந்தால் எந்த இழுவைக்கும் கிராங்க் வராது. துளை சுத்தமாக இருந்தது. பெடல் முனையைப் பிடித்து முன்னும் பின்னும் முறுக்கியும் பலனில்லை. ஆக்ஸில் முனையின் விளிம்பை விரல் நகத்தால் தடவினால் தட்டுப்பட்டது. முந்தைய யாரோ அடித்த தழும்பு. வெர்னியரில் விளிம்பு 16.3, விரிவில்லாத இடத்தில் 16.0.

விரிந்த விளிம்பை முதலில் எடுக்காமல் இழுத்தால் அது கிராங்கின் உள்துளையைக் கீறிக்கொண்டே வரும். கிராங்க் முகத்தில் டேப் ஒட்டிக்கொண்டு, விளிம்பைச் சுற்றி 45 டிகிரி சாய்வில் அரை மில்லிமீட்டர் அரத்தால் எடுத்தது. கடினப்பட்ட ஆக்ஸிலில் அரம் வழுக்கினால் எண்ணெய்க் கல்லால் தேய்க்கலாம். அந்த விளிம்பில் எந்தப் பாரமும் ஏறுவதில்லை, எனவே குறைவதால் நஷ்டம் கிடையாது.

அப்புறம் இரண்டு கால் புல்லர். அதன் திருகு முனைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே ஒரு பித்தளை வில்லை வைத்து, கால்களைக் கிராங்க் கண்ணின் பின்னால் மாட்டி இறுக்க வேண்டும். திருகு கனமானதும் மேலும் திருகாமல் நிறுத்தி, கிராங்க் கண்ணின் பக்கவாட்டில் மரக்கட்டை வைத்து இரண்டு தட்டுத் தட்டினால் துரு உடையும். அந்தச் சத்தம் நன்றாகக் கேட்கும். பத்து நிமிடம் விட்டு, இன்னொரு கால் சுற்று இறுக்கியதும் கிராங்க் கையோடு வந்தது. புல்லர் இல்லையென்றால், கிராங்கின் உள்முகத்தில் மரக்கட்டை வைத்து, கிராங்கைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பித் திருப்பி மெல்லத் தட்டலாம். ஒரே இடத்தில் ஓங்கி அடித்தால் அதே பக்கக் கப்பில் பால்ஸ் பதிந்துவிடும்.

மாட்டும் முன், எண்ணெய் தடவிய கிராங்கை ஆக்ஸிலில் வெறுங்கையால் ஏற்றிப் பார்க்கவும். தட்டாமல் முழுதும் போய் உட்கார வேண்டும். எங்கேனும் பிடித்தால், அந்த இடத்தை நீலப் பேனா மையால் கண்டுபிடித்து மறுபடி கல்லைப் போடவும்.