சாய்வில் நிலைமம், வெட்டுத்துண்டில் உராய்வு

கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் ஃப்ளைவீல் சோதனைக்கான பதிவேடுகளைத் திருத்தும்போது ஒரே வகை அட்டவணை அடிக்கடி என் பார்வைக்கு வருகிறது. மாணவர்கள் ஒவ்வோர் எடைக்கும் திருப்பு விசையைக் கோண முடுக்கத்தால் வகுத்து, கிடைத்த விடைகளின் சராசரியையே நிலைமத் திருப்புத்திறன் என எழுதிவிடுகிறார்கள்.

எடுத்துக்காட்டாக, 2 கி.கி. நிறையும் 10 செ.மீ. ஆரமும் உள்ள சீரான வட்டு ஒன்றின் அச்சுத்தண்டில் நூலைச் சுற்றி எடைக்கற்களைத் தொங்கவிடுவதாகக் கொள்வோம். நூலின் பாதித் தடிமனையும் சேர்த்துத் தண்டின் ஆரம் r = 1.5 செ.மீ. எடை 1 மீட்டர் இறங்கும் நேரத்திலிருந்து அதன் முடுக்கம் a கிடைக்கும். அதை r-ஆல் வகுத்தால் கோண முடுக்கம், m(g − a)r என்பது திருப்பு விசை. 100, 300, 500 கிராம் எடைகளுக்குக் கோண முடுக்கம் முறையே 0.87, 3.8, 6.7 ரேடியன்/விநாடி² என்றும், திருப்பு விசை 0.0147, 0.0438, 0.0728 நியூட்டன் மீட்டர் என்றும் வருகின்றன. வகுத்துப் பார்த்தால் 0.0169, 0.0115, 0.0109. வட்டு மாறாதிருக்க, எடை கூடக்கூட அதன் நிலைமம் மட்டும் எப்படிக் குறையும்? உராய்வுக்குச் செலவாகும் திருப்பு விசையையும் நிலைமத்தின் கணக்கில் சேர்த்துவிட்டதே காரணம். எடை குறைவாக இருக்கும்போது உராய்வின் பங்கு பெரிதாகத் தெரிகிறது.

அதே புள்ளிகளை, திருப்பு விசையைச் செங்குத்து அச்சில் வைத்து வரைந்தால் நேர்கோடு அமைகிறது. சாய்வு 0.010 கி.கி.மீ²; ½MR² தரும் மதிப்பும் அதுவே. கோடு ஆதிப்புள்ளியைத் தொடாமல் 0.006 நியூட்டன் மீட்டரில் செங்குத்து அச்சை வெட்டுகிறது. இந்த வெட்டுத்துண்டே உராய்வின் திருப்பு விசை. கோட்டை ஆதிப்புள்ளி வழியாக வலிந்து இழுப்பவர்கள் சாய்வைக் கூட்டிவிடுவதோடு உராய்வையும் இழந்துவிடுகிறார்கள்.

வெட்டுத்துண்டை நேரடியாகவே சோதிக்கலாம். 0.006-ஐ g, r ஆகியவற்றின் பெருக்கத்தால் வகுத்தால் ஏறத்தாழ 41 கிராம் வரும். அந்த எடையைத் தொங்கவிட்டுச் சக்கரத்தை மெல்லத் தள்ளினால், அது வேகம் கூடாமலும் குறையாமலும் சுழல வேண்டும். வேகம் தொடர்ந்து கூடினால், உண்மையான உராய்வு வரைபடம் சொல்வதைவிடக் குறைவு.

ஆனால் ஆரத்தில் நேரும் பிழையை வரைபடம் காட்டிக்கொடுக்காது; கோடு நேராகவே இருக்கும். 1 மி.மீ. தடிமனுள்ள நூலைக் கணக்கில் எடுக்காவிட்டால் ஆரம் அரை மி.மீ. குறைகிறது. சாய்வு ஆரத்தின் இருமடியைச் சார்ந்திருப்பதால் நிலைமம் 6 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிடும். ஆகவே வெறும் தண்டின் விட்டத்தையும் ஒரு சுற்று நூலோடு சேர்ந்த விட்டத்தையும் வெர்னியர் அளவியால் அளந்து, இரண்டின் சராசரியில் பாதியை ஆரமாகக் கொள்ளுமாறு சோதனை தொடங்கும் முன்பே சொல்லிவிடுகிறேன்.