பாட்டி சொன்ன இரண்டு ‘கொடு’க்கள்

குமரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், தமிழும் மலையாளமும் ஒரே வீட்டுக்குள் புழங்கும் ஒரு மலையடி ஊருக்கு இந்த ஆண்டு மூன்றாவது முறையாகப் போய் வந்தேன். முதல் இரண்டு பயணங்களில் சொற்களை மட்டும் சேகரித்தேன். இந்த முறை எண்பது வயதைக் கடந்த ஒரு பாட்டியைத் தடையில்லாமல் பேசவிட்டு ஒலிப்பதிவு செய்வதென்று முடிவு செய்திருந்தேன். கேள்வி கேட்டு வாங்கும் வாக்கியங்களில் ஒருவருடைய இலக்கணம் பாதிதான் தெரியும். மீதி, அவர் நம்மை மறந்து கதை சொல்லும்போதுதான் வெளியே வரும்.

முதல் நாள் மாலை, தன் தகப்பனார் மலைச்சரிவில் வழி பழக்கிய கதையைப் பாட்டி நாற்பது நிமிடங்களுக்கு மேல் சொன்னார். அன்று இரவு தங்குமிடத்தில் அதைக் கேட்டு எழுதத் தொடங்கியபோது இரண்டு வாக்கியங்களில் நின்றுவிட்டேன். ஓரிடத்தில் “அப்பா வழியக் காட்டித் தந்தாவ” என்றிருந்தது. சற்றுத் தள்ளி “அப்பா வழியக் காட்டிக் குடுத்தாவ” என்றிருந்தது. தகப்பனார் ஒருவரே, வழியும் ஒன்றே. வினை மட்டும் இரண்டு. ‘காட்டிக் கொடு’ என்றாலே துரோகம் என்று பழகிய என் காது, இரண்டாவது வாக்கியத்தில் தகப்பனார் யாரையோ யாரிடமோ மாட்டிவிட்டதாகக் கொஞ்ச நேரம் கற்பனை செய்துகொண்டிருந்ததையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பாட்டியின் பேச்சில் அந்தச் சொல்லுக்கு அப்படியொரு நிழல் கிடையாது என்பது பிறகு தெரிந்தது.

இப்படிப்பட்ட இடத்தில், இரண்டும் ஒன்றுதான், பேசுபவர் விருப்பம்போல் மாற்றிக்கொள்கிறார் என்று எழுதிவிட்டு மேலே போகலாம். என் பேச்சில் அது உண்மையும்கூட. ‘சொல்லித் தந்தார்’, ‘சொல்லிக் கொடுத்தார்’ இரண்டையும் ஒரே மூச்சில், வேறுபாடு எதையும் உணராமல் சொல்வேன். ஆனால் என் காதுக்குக் கேட்காத வேறுபாடு அவர் வாயிலும் இல்லை என்று நான் எப்படிச் சொல்வது? எனவே பதிவு முழுவதிலும் ‘தா’வும் ‘கொடு’வும் வந்த இடங்களைத் தனித்தாளில் எழுதினேன். தனி வினையாக வந்தவை, இன்னொரு வினைக்குத் துணையாக வந்தவை எல்லாம் சேர்த்து முப்பத்துமூன்று இடங்கள் இருந்தன.

முதலில் எனக்குத் தோன்றியது தகுதி பற்றிய விளக்கம். தொல்காப்பிய எச்சவியலில், ஒன்றை வேண்டும்போது ‘ஈ’ என்பது இழிந்தோன் கூற்று, ‘தா’ என்பது ஒப்போன் கூற்று, ‘கொடு’ என்பது உயர்ந்தோன் கூற்று என்று மூன்று நூற்பாக்கள் உண்டு. பாட்டியும் உயர்வு தாழ்வு பார்த்து வினையை மாற்றுகிறாரோ என்று அரை இரவை அதில் செலவிட்டேன். நிற்கவில்லை. அந்த நூற்பாக்கள் கேட்பவருடைய தகுதியைப் பற்றியவை. பாட்டியோ நடந்து முடிந்ததைச் சொல்கிறார். அதைவிட முக்கியமாக, அதே தகப்பனார் தன் பிள்ளைகளுக்கே ஒரு முறை ‘தந்தாவ’, மறு முறை ‘குடுத்தாவ’. ஒரே வீட்டுக்குள், ஒரே நாளில், தகுதி எப்படி மாறும்?

மறுநாள் காலையில் தாளை வேறு விதமாகப் பார்த்தேன். கொடுப்பவர் யார் என்பதை விட்டுவிட்டு, பெறுபவர் யார் என்று ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் எழுதினேன். சொல்வதற்கு எளிதாக இருந்தாலும், செய்வதற்கு இதுதான் கடினமான வேலை. ஏனென்றால் பாட்டி ‘எனக்கு’, ‘அவனுக்கு’ என்பவற்றைப் பெரும்பாலும் சொல்வதே இல்லை. முன்பின் வாக்கியங்களைக் கேட்டு, பெறுபவரை நானே ஊகித்து அடைப்புக்குறிக்குள் சேர்க்க வேண்டியிருந்தது. இந்த அடைப்புக்குறிகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அவைதான் என் காலை வாரின.

எழுதி முடித்ததும் தாள் தானாகவே இரண்டாகப் பிரிந்தது. ‘தா’ வந்த இடங்களில் பெறுபவர் பாட்டியாகவோ, அவருடன் சேர்ந்த ‘நாங்களா’கவோ, எதிரே உட்கார்ந்திருந்த நானாகவோ இருந்தோம். ‘கொடு’ வந்த இடங்களில் பெறுபவர் அண்ணன், மாமன், பக்கத்து வீட்டுப் பெண் என்று யாரோ மூன்றாமவர். தன்மைக்கும் முன்னிலைக்கும் ‘தா’, படர்க்கைக்குக் ‘கொடு’. பேச்சில் இல்லாத ‘எனக்கு’ உண்மையில் வினைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. அவர் அதைத் தனியாகச் சொல்லாததற்குக் காரணமும் அதுவாக இருக்கலாம்.

இதுவும் தொல்காப்பியத்தில் இருப்பதுதான், ஆனால் வேறு இயலில். கிளவியாக்கத்தில் செலவு, வரவு, தரவு, கொடை, அதாவது செல்லுதல், வருதல், தருதல், கொடுத்தல் என்ற நான்கையும் எடுத்துக்கொண்டு, ‘தருசொல் வருசொல் ஆயிரு கிளவியும் தன்மை முன்னிலை ஆயீரிடத்த’ என்றும், மற்ற இரண்டும் ஏனை இடத்த என்றும் சொல்லப்படுகிறது. இன்றைய மலையாளத்தில் இந்த வேறுபாடு உயிரோடு இருக்கிறது. எனக்கென்றால் ‘தந்நு’, அவனுக்கென்றால் ‘கொடுத்து’. நீலகிரியில் தோடர், கோத்தர் மொழிகளிலும் கொடுத்தலுக்கு இப்படி இரண்டு வினைகள் இருப்பதை, 1930களில் அங்கே களப்பணி செய்த மொழியியலாளர் எமனோ பதிவு செய்திருக்கிறார். அப்படியானால் பாட்டியின் ‘தா’ பழைய தமிழின் எச்சமா, பக்கத்து மலையாளத்தின் செல்வாக்கா? ஒருவருடைய பேச்சை மட்டும் வைத்துக்கொண்டு இதற்குத் தீர்ப்பு சொல்பவரை நான் நம்பமாட்டேன். பழையது மறையாமல் இருக்கப் பக்கத்து மொழி முட்டுக்கொடுத்திருக்கலாம் என்பதற்கு மேல் எனக்குச் சொல்லத் துணிவில்லை.

ஊகத்தைச் சோதிக்க வேண்டும். ‘எனக்குக் கொடு என்று சொல்லலாமா?’ என்று நேரடியாகக் கேட்பதில் பயனில்லை. வந்தவர் மனம் கோணக் கூடாது என்று “சொல்லலாம் மக்களே” என்றுதான் பதில் வரும். எனவே கையிலிருந்த சாவிக்கொத்தைப் பாட்டியிடம் நீட்டினேன். பேத்தியை அதைக் கேட்கச் சொன்னேன்; பாட்டி அவளிடமே “இந்தா, தாறேன்” என்றார். பிறகு பேத்தியைச் சற்று அப்பால் போகச் சொல்லிவிட்டு, அவளைப் பற்றி என்னிடம் பேச வைத்தேன். “அவளுக்குக் குடுத்தாச்சு” என்றார். பெறுபவர் ஒருவரே, சாவியும் அதே சாவி. எதிரே நின்றால் ‘தா’, தள்ளிப் போனால் ‘கொடு’. கடைசியில் நானே வேண்டுமென்று “பாட்டி, எனக்குக் குடுங்க” என்றேன். அவர் சாவியைக் கொடுக்காமல் என்னைப் பார்த்துச் சிரித்தார். “எனக்குக் குடுன்னு ஆராவது சொல்லுவாவளா?”

பேத்தியோ என்னைப் போல் இரண்டையும் கலந்துதான் பேசுகிறாள். தன் பாட்டி அப்படிப் பிரித்துப் பேசுவதை இதுவரை கவனித்ததில்லை என்றாள்.

இத்தோடு பெட்டியைக் கட்டியிருக்கலாம். ஆனால் முப்பத்துமூன்று இடங்களில் ஒன்று ஒத்துவரவில்லை. எந்த வாக்கியத்தில் முதல் இரவு நின்றேனோ, அதே “அப்பா வழியக் காட்டிக் குடுத்தாவ”. அங்கே பெறுபவர் பாட்டிதான். வழி தெரியாமல் நின்ற சிறுமி அவர்தான், அடைப்புக்குறிக்குள் ‘எனக்கு’ என்று நானே எழுதியிருக்கிறேன். விதிப்படி ‘தந்தாவ’ என்று வந்திருக்க வேண்டும். வாய் தவறியிருக்கலாம் என்று ஒதுக்கிவிடுவது எளிது, ஆபத்தும்கூட. விதிக்கு ஒத்துவராததையெல்லாம் வாய்த் தவறு என்று தள்ளினால் எந்த விதியும் ஜெயிக்கும்.

மூன்றாம் நாள், அந்த இடத்துக்கு ஒரு நிமிடம் முன்பிருந்து பதிவை ஓடவிட்டு, பாட்டியோடு சேர்ந்து கேட்டேன். “ஒரு சின்னப் பிள்ளை, கால்ல முள்ளு, அழுதுட்டு நிக்கி” என்று குரல் வந்தது. தொடர்ந்து, “அப்பா வந்தாவ, தூக்குனாவ, வழியக் காட்டிக் குடுத்தாவ. பொறவு நான் தனியாத்தான் போவேன்.” நான் ஒலியை நிறுத்தி, அந்தப் பிள்ளை நீங்கள்தானே, ஏன் இங்கே மட்டும் ‘குடுத்தாவ’ என்று கேட்டேன். பாட்டிக்குக் கேள்வி விளங்கவில்லை. இரண்டாம் முறையும் ஓடவிட்டேன். கவனமாகக் கேட்டுவிட்டு, “அது அந்தப் பிள்ளை மக்களே” என்றார். “நான் பொறவுதானே வாறேன்.”

அவர் சொன்னது சரி. நான்கு வாக்கியங்களுக்கு அவர் தன்னையே வெளியே நின்று பார்த்துச் சொல்லியிருக்கிறார்; ‘நிற்கிறேன்’ என்று சொல்லாமல் ‘நிக்கி’ என்று படர்க்கையில் சொன்னதே அதற்குச் சாட்சி. ஐந்தாவது வாக்கியத்தில்தான் ‘நான்’ வருகிறது. வினை பிசகவில்லை, கதையில் அந்த நொடியில் இல்லாத ஒரு ‘எனக்கு’வை அடைப்புக்குறி போட்டு நுழைத்தவன் நான். நடந்ததில் பெறுபவர் யார் என்று பார்த்தேனே தவிர, சொல்பவர் அந்த ஆளை எங்கே நிறுத்திச் சொல்கிறார் என்று பார்க்கவில்லை.

அன்றிரவு எச்சவியலை மறுபடி திறந்தேன். ‘உயர்ந்தோன் கூற்றே’ என்று முடியும் நூற்பாவோடு நான் முன்பு நிறுத்திவிட்டிருந்தேன். அதற்கு அடுத்த நூற்பா இது: ‘கொடுவென் கிளவி படர்க்கை யாயினும் / தன்னைப் பிறன்போற் கூறுங் குறிப்பின் / தன்னிடத் தியலும் என்மனார் புலவர்.’ அது உயர்ந்தோன் ஒருவன் தனக்கு வேண்டியதைத் தன்னை வேறொருவன் போல வைத்துக் கேட்பதைப் பற்றியது. பாட்டி செய்ததோ கதை சொல்லல். சூழல் ஒன்றல்ல என்றாலும், தன்னைப் பிறன்போலக் கூறும்போது ‘கொடு’ தன்னிடத்தில் வரும் என்ற இயக்கம் ஒன்றுதான். மூன்று வரி கூடுதலாகப் படித்திருந்தால் ஒரு நாள் மிச்சமாகியிருக்கும். ஆனால் படித்துவிட்டுப் போயிருந்தால், அந்த ‘நிக்கி’யைத் தேடிக் கேட்டிருப்பேனா என்பது சந்தேகம்தான்.

தாளில் ‘(எனக்கு)’ என்பதை அடித்துவிட்டு ‘(அந்தப் பிள்ளைக்கு)’ என்று எழுதினேன்.

மறுநாள் விடைபெறப் போனபோது பாட்டி வாசலில் பேத்தியிடம் பேசிக்கொண்டிருந்தார். “பாவம், ஒண்ணும் தெரியாம வந்தான். எல்லாம் சொல்லிக் குடுத்தேன்” என்றார். நான் வந்து நிற்பதைக் கண்டதும் என் பக்கம் திரும்பினார். “என்ன மக்களே, எல்லாம் சொல்லித் தந்தேம்லா?”