முருகன், முஸ்ஸா, ராஜ்

போன மாதம் மதிய இடைவேளையில் அம்மாவுடன் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தேன். பட்டறை வாசலிலிருந்து ஒருவர் "முஸ்ஸா!" என்று கத்தினார். நான் சட்டென்று திரும்பி, இதோ வருகிறேன் என்று கையைக் காட்டினேன்.

"யாரைய்யா அங்க கத்துதாங்க?"

"என்னையத்தாம்மா கூப்பிடுதாங்க."

அம்மா அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. கழுகுமலை முருகனுக்கு வேண்டிக்கொண்டு வைத்த பெயர் என்னுடையது. பிள்ளையைக் கூப்பிடும் சாக்கிலாவது சாமி பேர் வாயில் வரட்டும் என்று ஆச்சி என் பெயரை யாரும் சுருக்க விட்டதில்லை. "முருகு" என்று கூப்பிட்ட சித்தப்பாவுக்கே திட்டு விழுந்திருக்கிறது.

நான் மெல்போர்னுக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. டாண்டினாங் பக்கம் ஓர் இரும்புப் பட்டறையில் வெல்டிங் வேலை. முதல் நாள் ஸ்மோகோவில், அதாவது காலைத் தேநீர் இடைவேளையில், பெயரைக் கேட்டார்கள். சொன்னேன். இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, "அப்போ முஸ்ஸா" என்றார் ஒருவர். அந்த 'ஸ்ஸா'வை வண்டு ரீங்கரிப்பதுபோல அழுத்திச் சொல்ல வேண்டும். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பெயரைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்றே நினைத்தேன்.

அது ஏதோ வாய்க்கு வந்தது அல்ல, அதற்கு ஒரு விதி இருக்கிறது என்பது மெல்லத்தான் புரிந்தது. இங்கே பெயரின் முதல் அசையை அடுத்து ரகரம் வந்தால் அதை எடுத்துவிட்டு 'ஸ்ஸா' போடுவார்கள். கேரி கேஸ்ஸா ஆவார், பேரி பேஸ்ஸா, டேரன் டேஸ்ஸா, ஷேரன் ஷேஸ்ஸா. முர்ரே என்று பெயர் இருந்தால் முஸ்ஸா. ஆக, முர்ரே என்கிற உள்ளூர்க்காரருக்கு என்ன கிடைக்குமோ அதுவேதான் முருகனுக்கும் கிடைத்திருந்தது. ரகரம் இல்லாத பெயருக்கு ஓகாரம் வரும். டேவ் டேவோ ஆவார், ஜான் ஜானோ. நாட்டின் பிரதமர் ஆல்பனீஸையே பத்திரிகைத் தலைப்புகளில் 'ஆல்போ' என்றுதான் போடுகிறார்கள். கிரைண்டர் ஓடும் இரைச்சலில் தூரத்திலிருந்து கூப்பிட, நெடிலில் முடியும் இரண்டசைப் பெயர் எவ்வளவு வசதி என்பது பட்டறையில் நின்றால் தெரியும். விதி தெரிந்த பிறகு நான் அதை மனதார ஏற்றுக்கொண்டேன். என் தலைக்கவசத்தில் மார்க்கரால் அந்தப் பெயரை எழுதியதும் நான்தான்.

குணத்தை வைத்து வரும் பெயர்கள் வேறு ரகம். சிவப்பு முடிக்காரரை 'நீலம்' என்பார்கள், மலை மாதிரி இருப்பவரைப் 'பொடியன்' என்பார்கள். எல்லாம் தலைகீழ்தான். எங்கள் பட்டறையில் ஒருவருக்குக் 'கொப்புளம்' என்று பெயர். வேலை எல்லாம் முடிந்த பிறகுதான் எட்டிப் பார்ப்பாராம். அவருக்கும் சிரிப்புத்தான். அந்தப் பெயர் சொல்வது அவர் செய்ததை, நாளைக்கு நேரத்துக்கு வந்தால் அது பொய்யாகிவிடும். தவிர, பெயர் வைத்தவருக்கு இவர் ஒரு பெயர் வைத்திருக்கிறார், அதையும் எல்லோர் முன்னாலும் சொல்லித்தான் கூப்பிடுவார்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பில் நான்கு முருகன்கள் இருந்தோம். வாத்தியாருக்கு இனிஷியல் போதும். எங்களுக்குப் போதவில்லை. டீக்கடை முருகன், நெட்டை முருகன், லைன்வீட்டு முருகன் என்று பிரிந்தோம், கண்ணாடி போட்டவன் சோடாபுட்டி ஆனான். சண்டை முற்றினால் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும், புழுதியில் கட்டிப் புரளுவோம். கோபப்பட்டவனின் பெயர்தான் அதிக நாள் ஒட்டும் என்பதும் எங்களுக்குத் தெரியும். முதல் வாரம் கண்டுகொள்ளாமல் இருந்தால் பாதிப் பெயர்கள் தானாக உதிர்ந்துவிடும்.

சரி, பட்டறைக்கு வருகிறேன். சென்ற வருடம் இரண்டு இளைஞர்கள் சேர்ந்தார்கள். ஒருவன் பஞ்சாபி, பெயர் ஹர்பிரீத். இன்னொருவன் ஆந்திரா, கோபிநாத். ஒரு வாரத்தில் இரண்டு பேருமே 'ராஜ்' ஆகிவிட்டார்கள். "ராஜ், அந்தக் கம்பியை எடு" என்பார் ஒருவர். இரண்டு பேரும் திரும்புவார்கள். "யாராவது ஒருத்தன் வா" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்கு அடிவயிற்றில் சுட்டது.

நான் யார்க்‌ஷயர் கிரிக்கெட் அணியில் நடந்ததை நினைத்துக்கொண்டேன். சேதேஷ்வர் என்று சொல்ல வரவில்லை என்பதற்காக நம் புஜாராவை அங்கே 'ஸ்டீவ்' என்று கூப்பிட்டார்கள். 2021இல் அந்த அணியில் முன்பு ஆடிய அசீம் ரஃபீக் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுவின் முன் பேசியபோது, வெள்ளையர் அல்லாதவர்களைக் குறிக்கவே 'கெவின்' என்ற பெயர் புழங்கியதைச் சொன்னார். புஜாராவை ஸ்டீவ் என்று அழைத்த சக வீரர் பின்னர் மன்னிப்பும் கேட்டார். ஆஸ்திரேலியப் பந்துவீச்சாளர் கிளென் மெக்ராத்தைப் 'புறா' என்றார்களே, அது அவருடைய ஒல்லிக் கால்களுக்காக வந்தது, அவர் ஒருவரை மட்டுமே சுட்டியது. கெவினும் ராஜும் யாரையும் சுட்டவில்லை. இவன் யார் என்று தெரிந்துகொள்ளும் சிரமம் எனக்கு வேண்டாம் என்பதுதான் அந்தப் பெயருக்குப் பொருள்.

மறுநாள் ஸ்மோகோவில், ராஜ் என்று கூப்பிட்டுச் சிரித்தவரிடம் நேராகவே சொன்னேன். "எனக்கு நீங்கள் வைத்த பெயரில் என் பெயர் இருக்கிறது. இவர்களுக்கு வைத்ததில் இவர்கள் இரண்டு பேருமே இல்லை." அவர் முகம் சிவந்தது. "கூப்பிட்டால் வருகிறார்களே, பிடிக்காமலா?" என்றார். "புதிதாக வந்தவன் வராமல் என்ன செய்வான்?" என்றேன். கொஞ்ச நேரம் டீயையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஹர்... அப்போ ஹேஸ்ஸா" என்றார். விதிப்படி சரிதான். கோபிநாத்தை 'கோபோ' என்று யாரோ சொல்லிப் பார்த்தார்கள். அவன், "கோபி என்றே சொல்லுங்கள், அதுவே சின்னப் பெயர்தானே" என்றான். அப்படியே நின்றது.

அன்று இரவு நிம்மதியாகத் தூங்கியிருக்க வேண்டும். ஆனால் "கூப்பிட்டால் வருகிறார்களே" என்ற பேச்சு காதை விட்டுப் போகவில்லை. ஆறாம் வகுப்பில் போலியோவால் கால் சூம்பிய பையன் ஒருவன் எங்களோடு படித்தான். அவனை நாங்கள் 'நொண்டி' என்றோம். நானும்தான். கபடிக்கு ஆள் எடுக்கும்போது, "நொண்டி, நீ ஸ்கோர் சொல்லுடா" என்று கத்துவேன். அவன் கையைத் தூக்கிக்கொண்டு வருவான். வருகிறான், சிரிக்கிறான், அவனுக்கு வருத்தமில்லை என்று ஐந்து வருடம் நம்பினோம்.

என் போனில் அவன் எண் அந்தப் பெயரில்தான் இருந்தது. மாற்றலாம் என்று எடுத்தால், உண்மையான பெயர் நினைவுக்கு வரவில்லை. அம்மாவுக்குப் போன் செய்து கேட்டேன். அவளுக்கும் யோசிக்க வேண்டியிருந்தது.

"செல்வராசுல்லா அவன்? ஏன்யா, இப்ப எதுக்கு?"

பெயரை மாற்றிவிட்டுக் கூப்பிட்டேன். "செல்வராஜ், நான் முருகன் பேசுதேன், மெல்போர்ன்லருந்து" என்றேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "எந்த முருகன்?" என்றான்.

"நெட்டை முருகன்டே."

"ஏ நெட்டை!" என்று கத்தினான். அப்புறம் குரலை இறக்கி, "பேரச் சொன்னியா, ஆபீஸ்லருந்து யாரோன்னு நெனச்சிட்டேன்" என்றான்.