டிசம்பர் 12 எங்கே போனது?

டிக்கெட்டில் இருந்தது இதுதான்: சான் பிரான்சிஸ்கோவில் டிசம்பர் 11 இரவு 11.50க்குப் புறப்பாடு, தைப்பேயில் டிசம்பர் 13 காலை 5.50க்கு வருகை, அங்கே விமானம் மாறி அன்று பிற்பகல் கோலாலம்பூரின் கே.எல்.ஐ.ஏ. விமான நிலையம். என் மகள் யாழினி பிறந்தது டிசம்பர் 12. அவளுக்கு எட்டு வயது ஆக வேண்டிய நாள் அந்தத் தாளில் இல்லவே இல்லை.

கவனித்தது அவள்தான். கலிபோர்னியாவில் உள்ள அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கிடந்த தாளை எடுத்துப் படித்துவிட்டு, "பன்னெண்டாம் தேதி எங்கம்மா?" என்றாள். விமானம் பறப்பது 14 மணி நேரம்தானே, இரண்டு நாள் எப்படி ஓடும் என்று கேட்டாள். கேக் வீட்டுக்குப் போனதும் வெட்டிக்கொள்ளலாம் என்று நான் சொன்னதெல்லாம் எடுபடவில்லை. "அப்போ எனக்கு ஏழு வயசுதானா?" என்று கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. குழந்தைக்கு அது சின்ன விஷயமில்லை. சமாதானம் சொல்லி மழுப்புவதைவிடக் கணக்கைப் போட்டே காட்டிவிடுவோம் என்று முடிவு செய்தேன்.

நவம்பரில் நாங்கள் அமெரிக்கா போன நாளிலிருந்து தொடங்கினேன். அப்போது தைப்பேயில் 21ஆம் தேதி இரவு 11.30க்கு விமானம் ஏறி, சான் பிரான்சிஸ்கோவில் அதே 21ஆம் தேதி மாலை 6.30க்கு இறங்கினோம். ஏறிய நேரத்துக்கு முன்பே இறங்கியாச்சு என்று அவளுக்கு அன்று ஒரே சிரிப்பு. மலேசியாவும் தைவானும் ஒரே நேரம். குளிர்காலத்தில் கலிபோர்னியா இந்த இரண்டுக்கும் 16 மணி நேரம் பின்னால். அதனால் எங்களுக்கு அந்த 21ஆம் தேதி 24 மணி நேரத்தோடு முடியவில்லை. 40 மணி நேரம் ஓடியது. கூடுதலாகக் கிடைத்த அந்த 16 மணி நேரத்தைத்தான் திரும்பும் வழியில் விமானம் பிடித்துக்கொள்கிறது. 14 மணி நேரப் பயணமும் இந்த 16உம் சேர்ந்து 30 மணி நேரம். 11ஆம் தேதி இரவு 11.50இலிருந்து 30 மணி நேரத்தை எண்ணிப் பார், 13ஆம் தேதி காலை 5.50க்கு வந்து நிற்கும் என்றேன். விரல் விட்டு எண்ணினாள். சரியாக வந்தது.

"அப்போ பன்னெண்டாம் தேதி கொஞ்சம்கூட இருக்காதா?"

இருக்கும். எவ்வளவு என்று அக்கா கணவரும் நானும் உலக உருண்டையை வைத்துக்கொண்டு பார்த்தோம். மேற்கே பறக்கும்போது ஒவ்வொரு நேர மண்டலத்திலும் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னே போகும். நள்ளிரவும் நம்மை விட்டுத் தள்ளித் தள்ளிப் போகும். எங்கள் விமானத்துக்குக் கீழே 12ஆம் தேதி பிறக்க, கிளம்பியதிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். ஐந்தரை மணி நேரம் வாக்கில் 180 பாகைத் தீர்க்கரேகை வந்துவிடும். எங்கள் விமான வழியில் தேதிக்கோடு அதை ஒட்டித்தான் போகிறது, அலூஷியன் தீவுகளுக்கு அருகே மட்டும் கொஞ்சம் மேற்கே வளைகிறது. அதைத் தாண்டினால் தேதி 13. ஆக, அவளுடைய பிறந்தநாள் வானத்தில் நாலரை மணி நேரம் இருக்கும். முழுக்க இருட்டில், அவள் தூங்கும் நேரத்தில். மேற்கே போகும் இரவு விமானம் இரவோடு சேர்ந்தே ஓடுகிறது. தைப்பேயில் இறங்கும்போதும் சூரியன் உதித்திருக்காது.

இது அவளுக்குப் போதவில்லை. எனக்கும்தான்.

வழி காட்டியது அவள் பிறந்தபோது மருத்துவமனையில் எழுதிக் கொடுத்த குறிப்பு. அதன் படம் என் கைபேசியில் இருந்தது: கோலாலம்பூர், டிசம்பர் 12, காலை 6.40. அதிலிருந்து 16 மணி நேரத்தைக் கழித்தால் கலிபோர்னியாவில் டிசம்பர் 11 பிற்பகல் 2.40. அவள் பூமிக்கு வந்த அந்த நேரம் எட்டாவது முறை திரும்பி வரும்போது நாங்கள் விமானத்தில் இல்லை, பெரியம்மா வீட்டில்தான் இருக்கிறோம். இன்னும் நல்லது, கோலாலம்பூரில் 12ஆம் தேதி பிறப்பது எங்களுக்கு 11ஆம் தேதி காலை 8 மணிக்கு. அங்கிருந்து இரவு 11.50 வரை ஏறக்குறைய 16 மணி நேரம் தரையிலேயே கிடைக்கிறது. மீதி எட்டு மணி நேரம்தான் விமானத்தில். பிறந்த ஊர்க் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டால் ஒரு நிமிடம்கூடத் தொலையவில்லை.

என் பழைய கைக்கடிகாரத்தை மலேசிய நேரத்துக்கு மாற்றி அவள் கையில் கட்டிவிட்டேன். 11ஆம் தேதி காலை 8 மணிக்கு, கோலாலம்பூரின் செந்தூலில் தாத்தாவும் பாட்டியும் தூங்காமல் நள்ளிரவு வரை காத்திருந்து வீடியோவில் வாழ்த்தினார்கள். பிற்பகல் 2.40க்குப் பெரியம்மா வீட்டில் கேக் வெட்டினோம். அதை முன்கூட்டிய கொண்டாட்டம் என்று யாரும் சொல்லக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். உண்மையிலேயே அது அவள் பிறந்த நேரம்தான்.

தாத்தா அன்று ஒன்று சொன்னார். 1981 டிசம்பர் 31 இரவு, தீபகற்ப மலேசியாவில் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தார்கள். சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றாக வேண்டும் என்பதற்காக. 11.30 ஆனதும் நேராக 1982 ஜனவரி 1 பிறந்துவிட்டது. "அந்தக் கடைசி அரை மணி நேரம் நம்ம ஊருல யாருக்குமே கிடையாதும்மா" என்றார். அவள் உடனே, அந்த அரை மணி நேரத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு என்ன ஆனது என்று கேட்டாள். நான் சமோவாவைச் சொன்னேன். 2011இல் அந்த நாடு தேதிக்கோட்டின் மறுபக்கத்துக்கு மாறிக்கொண்டபோது டிசம்பர் 30 முழுவதையும் விட்டுவிட்டது. 29 முடிந்ததும் 31. டிசம்பர் 30இல் பிறந்த அங்குள்ளவர்களுக்கு அந்த வருடம் நாட்காட்டியிலேயே பிறந்தநாள் இல்லை. ஆனாலும் வயது ஏறியது. இதைக் கேட்ட பிறகுதான் 'ஏழு வயசா, எட்டு வயசா' என்ற கேள்வி அவளிடமிருந்து போனது.

இதே சிக்கலில் இருப்பவர்களுக்கு ஒன்று. மார்ச் நடுவிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை கலிபோர்னியாவில் கோடைக்கால நேரம். அப்போது வித்தியாசம் 15 மணி நேரம்தான், மேலே சொன்ன நேரமெல்லாம் ஒரு மணி தள்ளிப்போகும். விமானத் திரையில் தேதிக்கோட்டைத் தேடிக் குழந்தையை விழித்திருக்க வைக்கவும் வேண்டாம். எங்கள் விமானத்தில் புறப்பட்ட ஊர் நேரமும் சேரும் ஊர் நேரமும்தான் தெரிந்தன, கோட்டைத் தாண்டியபோது எந்த அறிவிப்பும் வரவில்லை.

தைப்பேயில் இறங்கிக் கைபேசியைத் திறந்ததும் பெரியம்மாவின் வாழ்த்து வந்து விழுந்தது. அங்கே இன்னும் 12ஆம் தேதி, பிற்பகல் 1.50. யாழினி அதற்கு அனுப்பிய பதில்: "இங்க முடிஞ்சிருச்சு பெரியம்மா, உங்க வீட்டுல இன்னும் நடக்குது. மிச்ச கேக்க நீங்க சாப்பிடுங்க."

வீட்டுக்கு வந்தால், பாட்டிக்கு இதில் எந்தக் குழப்பமும் இருக்கவில்லை. அவருக்குப் பிறந்தநாள் என்றால் கார்த்திகை மாதத்தில் அவளுடைய நட்சத்திரம் வரும் நாள். நிலா எந்த நட்சத்திரத்தில் நிற்கிறது என்பதைத் தேதிக்கோடு மாற்றாது. பஞ்சாங்கத்தில் மலேசிய நேரம் பார்த்து, நாங்கள் வந்த இரண்டாம் நாள் என்று ஏற்கெனவே குறித்து வைத்திருந்தார். மாரியம்மன் கோயிலில் அர்ச்சனைத் தட்டை யாழினிதான் பிடித்துக்கொண்டு நின்றாள். ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்க, இரண்டையும் உரக்கச் சொன்னாள்.