கூறைச் சேலையில் தெரிந்த கோடு

கிளிநொச்சியில் எங்கள் வீட்டு ஓலெட் தொலைக்காட்சியில் தங்கையின் கலியாண வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவளுடைய சிவப்புக் கூறைச் சேலையின் மேல், திரையின் இடது கீழ் மூலையில், விரல் நீளத்தில் ஒரு மங்கலான கோடு தெரிந்தது. வேறு காட்சி வந்ததும் அது மறைந்தது. சிவப்பு வந்ததும் திரும்பத் தோன்றியது. என் மகன் மாதக்கணக்காக விளையாடிய துப்பாக்கிச் சண்டை விளையாட்டில், வீரனின் உயிர் அளவைக் காட்டும் சிவப்புப் பட்டை இருக்கும் இடம் அதுதான்.

ஓலெட் திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிறது, ஒளிர ஒளிரத் தேய்கிறது. மற்றப் புள்ளிகள் மாறி மாறி உழைக்க, அந்தப் பட்டைக்குரிய சிவப்புப் புள்ளிகள் மட்டும் நாளுக்கு மூன்று மணி நேரம் ஓய்வின்றி எரிந்து மற்றவற்றை விட முந்தித் தேய்ந்துவிட்டன. ஆகவே அங்கே படம் ஒட்டிக்கொண்டதாகச் சொல்வது சரியல்ல. அந்த இடம் வலுவிழந்திருக்கிறது.

தற்காலிக நிழலாகவும் இருக்கலாம் என்பதால் முழுத் திரையையும் சிவப்பு, பச்சை, நீலம், சாம்பல் நிறங்களாக மாற்றிப் பார்த்தேன். தற்காலிக நிழலென்றால் வேறு காட்சிகள் ஓடச் சில மணி நேரத்தில் கலைந்துவிடும். இரண்டு நாட்களின் பின்னும் சிவப்பில் மட்டும் கோடு அப்படியே இருந்தது.

காரணத்தின் மறுபாதியை நான் பிந்தித்தான் விளங்கிக்கொண்டேன். இத்தொலைக்காட்சிகள், மொத்தமாக நான்கு மணி நேரமளவு ஓடிய பின் ரிமோட்டால் நிறுத்தப்பட்டால், இருண்ட திரையுடனேயே சில நிமிடங்கள் புள்ளிகளை அளந்து மின்னோட்டத்தைச் சரிசெய்கின்றன. அதற்கு மின்சாரம் வேண்டும். நாங்களோ மின்னலுக்குப் பயந்து, வெயில் காலத்திலும்கூட, நிறுத்திய கையோடு சுவரிலுள்ள சுவிட்சையும் அணைத்துவிடுவோம்.

தொலைக்காட்சியின் அமைப்புப் பட்டியலில் இருந்த, இதே சரிசெய்தலை நீளமாகச் செய்யும் புள்ளிப் புதுப்பிப்பை ஒரு தடவை ஓடவிட்டேன். ஏறத்தாழ ஒரு மணி நேரம் எடுத்தது. கோடு சற்று மெலிந்தது, போகவில்லை. தேய்ந்த புள்ளியை அது புதிதாக்காது என்பதால் அதைத் திரும்பத் திரும்ப ஓடவிடுவதில் பயனில்லை என்றே நினைக்கிறேன்.

இப்போது ரிமோட்டால் நிறுத்திப் பதினைந்து நிமிடம் சென்ற பின்னரே சுவர்ச் சுவிட்சில் கை வைக்கிறோம். எங்கள் பெட்டியில் வேலை முடிந்ததும் உள்ளே 'டிக்' என்றொரு சத்தம் கேட்கும். இடி முழங்கும் நாளில் மட்டும் உடனே பிளக்கைக் கழற்றி, வானம் தெளிந்ததும் திரும்பச் செருகுகிறோம். விளையாட்டின் அமைப்புக்குள் போய்ப் பட்டையையும் சிறு வரைபடத்தையும் பாதி ஒளிபுகுமாறு மங்கவைத்து, திரையின் ஒளியையும் குறைத்தோம். "சோத்துக்குப் போகேக்கை நிப்பாட்டி வைச்சிட்டுப் போகாதை, அணைச்சிட்டுப் போ" என்று மகனுக்குச் சொல்லியிருக்கிறேன், ஏனெனில் இடைநிறுத்திய திரையிலும் அந்தப் பட்டை எரிந்துகொண்டே இருக்கும்.

மாதம் ஒரு முறை அதே சிவப்புத் திரையை, அறை இருட்டில், அதே கைபேசியால் படமெடுத்து ஒப்பிடுகிறேன். ஐந்து படங்களிலும் கோட்டின் கருமை கூடவில்லை.